முப்பது சென்டிமீட்டர் கணக்கு

(தூத்துக்குடியில் பொறியியல் மாணவர்களும் துறைமுகத் தொழிலில் உள்ளவர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம் துறைமுகத்தைப் பற்றிய ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். 1955இல் மத்திய அரசு ஏ. ராமசாமி முதலியார் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. சேதுசமுத்திரக் கால்வாய் சாத்தியமா என்று பார்ப்பது அதன் வேலை. பார்த்துவிட்டு அந்தக் குழு சொன்னவற்றில் ஒன்று, கால்வாயும் தூத்துக்குடியின் ஆழ்கடல் துறைமுகமும் ஒன்றையொன்று சார்ந்தவை, இரண்டையும் ஒரே திட்டமாகவே நிறைவேற்ற வேண்டும் என்பது. பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். 1964இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். வடக்கே நாலாயிரம் மீட்டரைத் தாண்டியும் தெற்கே நாலாயிரத்தை நெருங்கியும் இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள் கடலுக்குள் போயின. 1974 ஜூலை 11 அன்று தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. கால்வாய் வரவில்லை.

அப்படியானால் 1974இல் வேலை முடிந்ததா, பாதியில் நின்றதா?

முன் வரிசையில் ஓர் அண்ணாச்சி “முடிஞ்சது” என்கிறார். பின்னால் ஒரு தம்பி “பாதி” என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் சரி. முதலியார் குழுவின் அறிக்கையைக் கையில் வைத்து அளந்தால் பாதி வேலைதான் நடந்தது. அரசு ஒப்புதல் தந்து பணம் ஒதுக்கிய துறைமுகத் திட்டத்தைக் கையில் வைத்து அளந்தால் வேலை முடிந்துவிட்டது. கடலுக்குள் கிடக்கும் கல் இரண்டு கணக்குக்கும் ஒன்றுதான். எந்தத் தாளோடு ஒப்பிடுகிறோம் என்பதுதான் வேறு. திட்ட மேலாண்மையில் ‘ஸ்கோப் பேஸ்லைன்’ என்று சொல்வது இந்தத் தாளைத்தான்.

‘ஸ்கோப்’ என்பது ஒரு திட்டத்தில் செய்ய வேண்டிய வேலை முழுவதும். கேட்ட பொருளை, கேட்ட தன்மைகளோடு கொடுத்து முடிக்க என்னென்ன உழைப்பு வேண்டுமோ அத்தனையும் அதில் அடங்கும். அது பேச்சில் இருக்கலாம், ஒருவர் மனதில் இருக்கலாம், நாளுக்கு நாள் வளரவும் செய்யலாம். பேஸ்லைன் அப்படி வளராது. அந்த வேலையை எழுதி, அதிகாரம் உள்ளவர் கையெழுத்துப் போட்டு, ஒரு தேதியில் நிறுத்தி வைத்த பதிப்பு அது. மூன்று பகுதிகள் சேர்ந்தது: ஸ்கோப் ஸ்டேட்மென்ட், டபிள்யூ.பி.எஸ். என்கிற வேலைப் பிரிப்பு, அந்தப் பிரிப்புக்கு ஓர் அகராதி. முறைப்படி மாற்றக் கோரிக்கை வைத்து, அது ஏற்கப்பட்டால் மட்டுமே இந்த மூன்றில் எதையும் தொடலாம். ஸ்கோப் பெருத்துவிட்டது என்று ஒருவர் புகார் சொன்னால், எதைவிடப் பெருத்தது என்று காட்ட அவருக்கு இந்தப் பதிப்பு வேண்டும். அது இல்லையென்றால் புகாரை நிரூபிக்க வழியில்லை.

இந்த மூன்றையும் ஒரே திட்டத்தை வைத்து விளக்குகிறேன். நம் துறைமுகப் பொறுப்புக் கழகமே முன்னின்று நடத்திய சேதுசமுத்திரத் திட்டம், 2005 ஜூலை 2 அன்று மதுரையில் பிரதமர் மன்மோகன் சிங் தொடங்கி வைத்தது. கால்வாய் வேண்டுமா வேண்டாமா என்பது இன்றைய பேச்சு அல்ல. அதற்கு இந்த ஊரில் மேடைகளுக்குக் குறைவில்லை. திட்டத்தின் வெளிப்படையான அளவுகள் நமக்குத் தெரியும் என்பதால் அதை எடுத்துக்கொள்கிறேன். நான் சொல்லப்போகும் மாதிரி வாசகங்கள் நானே எழுதியவை, உண்மையான ஒப்பந்தத்திலிருந்து எடுத்தவை அல்ல.

திட்டத்தின் அளவு இது. 167 கிலோமீட்டர் நீளக் கடல்வழி. அடித்தளத்தில் 300 மீட்டர் அகலம், 12 மீட்டர் ஆழம். அதில் தெற்கே ஆதம் பாலத்தை ஒட்டிய பகுதி 35 கிலோமீட்டர், நடுவே பாக் விரிகுடாவில் 78, வடக்கே பாக் நீரிணையில் 54. நடுப்பகுதியில் இயற்கையாகவே போதிய ஆழம் இருப்பதால் அங்கே தூர்வார வேண்டியதில்லை. மதிப்பீடு 2,427 கோடி ரூபாய்.

ஸ்கோப் ஸ்டேட்மென்டில் இந்த அளவுகளை எழுதிவிட்டால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது எளிதான பாதி. கடினமான பாதி, எது இதில் சேராது என்று எழுதுவது. கால்வாயைத் தோண்டிய மறுநாளே மணல் திரும்ப வரத் தொடங்கும். ஆண்டுதோறும் அதை அள்ளுவது இந்தத் திட்டத்தின் வேலையா, கால்வாயை நடத்தப்போகும் நிறுவனத்தின் வேலையா? திட்டத்தின் வேலை இல்லை என்றால், ‘பராமரிப்புத் தூர்வாரல் இத்திட்டத்தில் சேராது’ என்று ஒரு வரி இருக்க வேண்டும். அந்த வரி இல்லாவிட்டால் ஒப்படைப்பு நாளுக்கு முந்தைய மழைக்காலத்தில் சேர்ந்த மண்ணுக்கு யார் பணம் தருவது என்ற சண்டை நிச்சயம். வழிகாட்டி விளக்குகளும் மிதவைகளும் உண்டா? கப்பல்களை நடத்திச் செல்லும் பைலட் படகுகள் உண்டா? வலை போடும் இடம் மாறும் மீனவர்களுக்கான ஏற்பாடு உண்டா? ஒவ்வொன்றுக்கும் உண்டு அல்லது இல்லை என்று பதில் வேண்டும். எழுதாமல் விட்டால் ஒப்பந்தக்காரர் அதை ‘இல்லை’ என்று படிப்பார், மீனவர் ‘உண்டு’ என்று படிப்பார்.

ஸ்டேட்மென்டில் இன்னொன்றும் வேண்டும், கட்டுப்பாடுகள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா. அதை ஒட்டி வேலை செய்ய வேண்டும் என்பது ஒரு கட்டுப்பாடு. 2005 மார்ச்சில் கிடைத்த சுற்றுச்சூழல் அனுமதியின் நிபந்தனைகள் இன்னொன்று. இவை ஏதோ பின்னிணைப்பு என்று ஒதுக்கிவிடக் கூடாது. எந்த மாதத்தில், எங்கே, எந்தக் கப்பலால் அள்ளலாம் என்பதையே இவைதான் தீர்மானிக்கும்.

எல்லை வகுத்து வேலை செய்வது இந்தக் கரைக்குப் புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். முத்துச் சலாபம் நடந்த காலத்தில் நினைத்தவுடன் படகுகளை இறக்கவில்லை. முதலில் அதிகாரிகள் குளிப்பவர்களோடு போய்ப் பார்களைச் சோதிப்பார்கள். சிப்பிகளை மாதிரி எடுத்து, அவற்றில் கிடைத்த முத்துகளை விலை மதிப்பார்கள். அந்த மதிப்பு தேறினால்தான் எந்தப் பாரில், எத்தனை படகு, எந்த நாளிலிருந்து என்று அறிவிப்பு வரும். தேறாவிட்டால் சலாபமே கிடையாது. நம் கரையில் கடைசிச் சலாபம் 1961இல் முடிந்தது. அந்த அறிவிப்பில் இருந்த நல்ல அம்சம், பாருக்கு வெளியே எடுத்த சிப்பி கணக்கில் வராது என்பது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்ததுதான்.

இனி டபிள்யூ.பி.எஸ். இந்த முறை ராணுவத் தளவாடங்களிலிருந்து வந்தது. 1962இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையும் நாசாவும் சேர்ந்து வெளியிட்ட செலவுக் கட்டுப்பாட்டு வழிகாட்டியில் இது இடம்பெற்றது. 1968இல் அங்கே ராணுவத் தரவிதியாகவே ஆனது. செய்வது எளிது: முழுத் திட்டத்தை உச்சியில் வைத்து, கொடுக்க வேண்டிய பொருள்களாகப் பிரித்துக்கொண்டே கீழே இறங்க வேண்டும். ஒருவர் பொறுப்பேற்று, செலவும் நாளும் கணித்து, முடிந்ததா என்று பார்க்கக்கூடிய அளவுக்குச் சிறிதானதும் நிறுத்தலாம். அந்தக் கடைசித் துண்டுக்கு ‘வொர்க் பேக்கேஜ்’ என்று பெயர்.

நம் திட்டத்துக்கு முதல் நிலையில் என்ன வரும்? ஆதம் பாலப் பகுதிக் கால்வாய், பாக் நீரிணைக் கால்வாய், வழிகாட்டி மிதவைகளும் விளக்குகளும், சுற்றுச்சூழல் கண்காணிப்பு, திட்ட மேலாண்மை. இதில் ‘தூர்வாரல்’ என்று ஒரு கிளை இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அது செயல். வேலைப் பிரிப்பில் பொருள்தான் வர வேண்டும், செயலுக்கு இடம் காலஅட்டவணையில். செயல்களை அடுக்கிய மரத்தைப் பார்த்தால் எல்லோரும் பரபரப்பாக இருப்பது தெரியும். எது முடிந்தது என்பது தெரியாது.

இந்த மரத்துக்கு ஒரே கடுமையான விதி, நூறு விழுக்காடு விதி. ஒரு கிளையின் கீழே உள்ளவற்றைக் கூட்டினால் அந்தக் கிளை முழுதாக வர வேண்டும். குறையவும் கூடாது, அதற்கு மேல் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கவும் கூடாது. பாக் நீரிணைக் கால்வாயைப் பிரிக்கும் ஒருவர் அதை மூன்று நீட்சிகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ‘12 மீட்டர் ஆழமுள்ள கால்வாய்ப் பகுதி’ என்று எழுதி நிறுத்திவிட்டார் என்று வையுங்கள். அள்ளிய மண் எங்கே? கோடிக்கணக்கான கன மீட்டர் மண்ணை எங்கேயாவது கொட்டியாக வேண்டும். கொட்டும் இடத்தைத் தேர்ந்து, அளந்து, அனுமதி பெற்று, கொட்டிய பிறகு மீண்டும் அளக்க வேண்டும். அது ஒரு முழு வேலை. மரத்தில் அதற்கு இலை இல்லை என்றால் அதற்குப் பணமும் இல்லை, நாளும் இல்லை. தூர்வாரும் திட்டங்களில் விடுபடும் இலைகள் பெரும்பாலும் இவைதான்: கொட்டும் இடம், தொடக்க அளவீடு, முடிவு அளவீடு. கப்பல் கண்ணுக்குத் தெரிகிறது, அளவுப் படகு தெரிவதில்லை.

ஆனால் மரம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதில் இருப்பது பெயர்களும் எண்களும் மட்டும்தான். ‘1.2.3 பாக் நீரிணை, மூன்றாம் நீட்சி’ என்று ஒரு பெட்டி. அதற்குள் என்ன என்பதைச் சொல்வது அகராதி. மூன்றில் அதிகம் புறக்கணிக்கப்படுவது இதுதான். அதனால் இதில் கொஞ்சம் நிற்கிறேன்.

அகராதியில் ஒவ்வொரு வொர்க் பேக்கேஜுக்கும் அடையாள எண், வேலையின் விவரம், பொறுப்பாளர், மைல்கற்கள், மதிப்பீடு, ஏற்றுக்கொள்ளும் நிபந்தனை எல்லாம் இருக்கும். கடைசியாகச் சொன்னதில்தான் பணம் ஒளிந்திருக்கிறது.

பாக் நீரிணையில் 54 கிலோமீட்டர் நீளத்தில் அள்ள வேண்டியது சுமார் 345 லட்சம் கன மீட்டர் என்று கணக்கிட்டிருந்தார்கள். 300 மீட்டர் அகலத்தையும் 1க்கு 3 என்ற பக்கச் சரிவையும் வைத்துக் கணக்குப் போட்டால், சராசரியாக வெட்ட வேண்டிய ஆழம் இரண்டு மீட்டரைச் சற்றுத் தாண்டும். அவ்வளவுதான். தரை ஏற்கெனவே சுமார் பத்து மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது.

எந்தத் தூர்வாரும் கப்பலாலும் கத்தி வைத்தது போல் 12 மீட்டரில் நிறுத்த முடியாது. கப்பல் ஆடும், உறிஞ்சு குழாயின் தலை மேடுபள்ளமாகப் போகும். 12 மீட்டருக்கு மேலே ஒரு திட்டுகூட மிஞ்சக் கூடாது என்றால் சராசரியாக அதற்குக் கீழே கொஞ்சம் வெட்டித்தான் ஆக வேண்டும். அதைக் கூடுதல் ஆழச் சலுகை என்பார்கள். 30 சென்டிமீட்டர் என்று வையுங்கள். கேட்க ஓர் அடிச் சமாச்சாரம். பெருக்கிப் பாருங்கள்: 0.3 மீட்டர், 300 மீட்டர் அகலம், 54,000 மீட்டர் நீளம். சரிவுகளைச் சேர்க்காமலே 48 லட்சத்து 60 ஆயிரம் கன மீட்டர். மொத்தத்தில் 14 விழுக்காடு.

இதற்குப் பணம் உண்டா இல்லையா? ஸ்கோப் ஸ்டேட்மென்டைப் புரட்டினால் ‘12 மீட்டர் ஆழம்’ என்று இருக்கும். வேலைப் பிரிப்பில் ‘மூன்றாம் நீட்சி’ என்று இருக்கும். இரண்டும் பதில் சொல்லாது. அகராதியில் ‘12.3 மீட்டர் வரை வெட்டிய மண் அளவில் சேரும், அதற்குக் கீழே சேராது’ என்ற வரி இருந்தால் பிரச்சினை இல்லை. கணக்குக்காகக் கன மீட்டருக்கு நூறு ரூபாய் என்று வைத்தால், அந்த ஒரு வரியின் விலை 48 கோடியே 60 லட்சம். இதே 30 சென்டிமீட்டர், ஆதம் பாலப் பக்கம் 480 லட்சம் கன மீட்டர் வெட்டுகிற இடத்தில், முழு 35 கிலோமீட்டருக்கும் கணக்கிட்டாலும் ஏழு விழுக்காட்டுக்குக் கீழேதான். வெட்டு மெல்லியதாக இருக்கும் இடத்தில் சலுகை அதிகம் கடிக்கும். அதனால் எல்லா வொர்க் பேக்கேஜுக்கும் ஒரே அகராதி வாசகத்தை நகலெடுத்து ஒட்டுவது ஆபத்து.

ஆழத்தை எப்படி அளப்பது என்பதும் அகராதியில் வர வேண்டும். எக்கோ சவுண்டர் ஒலியை அனுப்பி எதிரொலியை அளக்கிறது. உயர் அதிர்வெண்ணில், அதாவது 200 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் அனுப்பினால் குழம்பு போன்ற மென்சேற்றின் மேல்பரப்பிலேயே ஒலி திரும்பிவிடும். 33 கிலோஹெர்ட்ஸில் அனுப்பினால் சேற்றைத் துளைத்துக் கீழே உள்ள கெட்டித் தரைவரை போகும். சேறு மண்டிய இடத்தில் ஒரே நாளில், ஒரே படகில் இரண்டு ஆழம் கிடைக்கும். ஒப்பந்தக்காரர் ஆழமானதைக் காட்டுவார், துறைமுகம் ஆழம் குறைந்ததைக் காட்டும். இருவரும் பொய் சொல்லவில்லை. எந்த அதிர்வெண், எந்த ஆழ அடிமட்டத்திலிருந்து, ஏற்ற வற்றத்தை எந்த அளவுகோலில் கழித்து என்று எழுதியிருந்தால் ஓர் அளவுதான் செல்லும். நம் கரையில் ஏற்ற வற்றம் ஒரு மீட்டரைத் தொடாது என்று அலட்சியப்படுத்துபவர்கள், இப்போது பார்த்த 30 சென்டிமீட்டர் கணக்கை நினைத்துக்கொண்டால் போதும்.

அளவை எங்கே எடுப்பது என்பது மூன்றாவது. கப்பலின் வயிற்றில் நிறைந்த மண்ணை எண்ணலாம், அல்லது கடல் தரையை முன்னும் பின்னும் அளந்து கழிக்கலாம். கப்பலில் வரும் மண் தண்ணீரோடு கலந்து இளகி இருப்பதால் தரையில் கிடந்த இடத்தைவிடப் பெரிய இடத்தைப் பிடிக்கும். கப்பல் பதிவேட்டைக் கூட்டி ‘இருபது விழுக்காடு முடிந்தது’ என்று மாத அறிக்கை எழுதினால், தரையளவு அதைவிடக் குறைவாகத்தான் சொல்லும். ஒரு தூர்வாரும் திட்டத்தில் முன்னேற்ற அறிக்கை தொடர்ந்து நன்றாக இருந்து, கடைசி இரண்டு மாதங்களில் மட்டும் வேலை ஏனோ முடியவே மாட்டேன் என்றால், முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: அறிக்கையின் அலகும் அகராதியின் அலகும் ஒன்றா?

இனி மாற்றம். 2007 ஆகஸ்டு 31 அன்று, ராமர் சேது என்கிற ஆதம் பாலத்துக்குச் சேதம் விளைவிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. அடுத்த ஆண்டு, தனுஷ்கோடிக்கு அருகே நிலப்பகுதி வழியாகப் போகும் மாற்றுப் பாதையை ஆராய ஆர்.கே. பச்சௌரி தலைமையில் குழு அமைந்தது. 4ஏ என்று அந்தப் பாதைக்குப் பெயர். அரசு முதலில் தேர்ந்தது 6ஆம் பாதை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வரைபடத்தில் ஒரு கோட்டை நகர்த்துவது. திட்ட ஆவணங்களில் என்ன நடக்கும் என்று பாருங்கள். ஆதம் பாலக் கிளையின் பெயரை மட்டும் மாற்றிவிட்டு அதன் அகராதிப் பக்கங்களை அப்படியே விட முடியாது. மண் வேறு, வெட்டும் ஆழம் வேறு, கொட்டும் இடம் வேறு, பாதிக்கப்படும் ஊர் வேறு. ஸ்டேட்மென்டில் கட்டுப்பாடுகள் மாறுகின்றன, முன்பு பெற்ற சுற்றுச்சூழல் அனுமதி அந்தப் பாதைக்குப் பொருந்தாது. மூன்று பகுதிகளும் சேர்ந்து மாற வேண்டும், அதோடு செலவும் காலமும். இதைச் சின்னத் திருத்தம் என்று சொல்ல முடியாது. புதிய பேஸ்லைன் போட வேண்டிய நிலை இது. திட்டத்தின் நோக்கம், அதாவது இலங்கையைச் சுற்றாமல் கப்பல் போக வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை. நோக்கம் அப்படியே இருக்கும்போது பேஸ்லைன் முழுதாக உடையலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் நம் பக்கத்தில் கிடையாது.

பெரும்பாலான மாற்றங்கள் இவ்வளவு பெரியவை அல்ல. வளைவில் கால்வாயைக் கொஞ்சம் அகலப்படுத்தச் சொல்லிக் கப்பல் செலுத்துபவர்கள் கேட்பார்கள். நியாயமான கோரிக்கைதான். தளத்தில் இருக்கும் பொறியாளர் கப்பலை இன்னொரு நடை போகச் சொன்னால் வேலை ஒரு வாரத்தில் முடிந்துவிடும். அவர் நல்ல மனதோடு செய்த அந்த வேலை ஸ்கோப்பில் சேர்ந்துவிட்டது, பேஸ்லைனில் சேரவில்லை. செலவு மட்டும் பேஸ்லைனோடு ஒப்பிடப்படும்போது அவர் நிதானம் இல்லாமல் செலவு செய்தவராகத் தெரிவார். அதே கோரிக்கை எழுத்தில் வந்து, கூடுதல் கன மீட்டர், கூடுதல் நாள், அனுமதி நிபந்தனையில் பாதிப்பு என்று மூன்றையும் மதிப்பிட்டு, ஏற்கப்பட்டிருந்தால் அகராதியில் அந்தப் பேக்கேஜின் இரண்டு வரிகள் மாறியிருக்கும், பதிப்பு எண் ஒன்று கூடியிருக்கும்.

மாணவர்கள் ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். புதிய பதிப்பு வந்ததும் பழையதை அழிக்காதீர்கள். வழக்கோ நடுவர் மன்றமோ வரும்போது அங்கே முதலில் கேட்பது இன்று எது செல்லும் என்பதை அல்ல. அந்த வளைவில் கப்பல் வேலை செய்த தேதியில் எந்தப் பதிப்பு நடப்பில் இருந்தது என்றுதான் கேட்பார்கள்.